புளோயர் ஓடினாலும் ஃப்யூம் ஹுட்டிலிருந்து நெடி வெளியே வருவது ஏன்?

கேள்வி: எங்கள் கல்லூரி லேபில் ஃப்யூம் ஹுட்டைப் போட்டுவிட்டுத்தான் வேலை செய்கிறோம். புளோயர் சத்தமும் நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் செம்பில் அடர் நைட்ரிக் அமிலம் ஊற்றும்போது நெடி மூக்கில் ஏறுகிறது. கண்ணாடியை எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும்? காற்று ஒழுங்காக இழுக்கிறதா என்று நாங்களே எப்படிப் பார்ப்பது?

பதில்:

புளோயர் சத்தம் கேட்டால் மோட்டார் சுற்றுகிறது என்று மட்டும்தான் அர்த்தம். காற்று எவ்வளவு போகிறது, எந்த இடத்தில் போகிறது, எங்கே திரும்பி வருகிறது என்பதெல்லாம் சத்தத்தில் தெரியாது. நெடி வரும் ஹுட்களில் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: கண்ணாடி தேவைக்கு மேல் தூக்கியிருக்கும், உள்ளே சாமான் அடைத்திருக்கும், அல்லது முன்னால் குறுக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கும். மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் இந்த மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

உயரத்துக்குச் சுருக்கமான பதில்: ஹுட்டின் பக்கச் சட்டத்தில் உயரக்குறி ஏதாவது ஒட்டியிருந்தால் அதுதான் எல்லை. குறி எதுவும் இல்லாவிட்டால், வேலை செய்யும்போது 40 செ.மீ.க்கு மேல் திறக்காதீர்கள். கை உள்ளே இல்லாத நேரத்தில் முழுக்க இறக்கிவிடுங்கள். இந்த 40 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் உங்கள் ஹுட்டுக்கு எது சரி என்று நீங்களே முடிவு செய்யலாம். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஹுட்டுக்குள் இருக்கும் வாயுவைத் தடுத்து நிறுத்துவது கண்ணாடி மட்டும் அல்ல. கண்ணாடிக்குக் கீழே திறந்திருக்கும் இடைவெளி முழுவதும் அறையின் காற்று உள்நோக்கி ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஓட்டம்தான் தடுப்பு. உள்ளே போன காற்று பின்சுவர் வரை போகும். பின்சுவருக்குச் சற்று முன்னால் ஒரு பலகை நிற்கும், பேஃபிள் என்பார்கள். அதன் அடியில் ஒரு நீள இடுக்கு, மேலே ஒரு இடுக்கு, சில மாடல்களில் நடுவிலும் ஒன்று. கனமான ஆவிகள் அடி இடுக்கு வழியாகவும், சூடாகி மேலே எழுபவை மேல் இடுக்கு வழியாகவும் டக்டுக்குள் போய்விடும். முன் விளிம்பில் மேடையிலிருந்து கொஞ்சம் தூக்கலாக ஒரு வளைந்த பட்டை இருக்கிறதா பாருங்கள். அதன் அடியிலும் காற்று போகும். மேடை மட்டத்தில் காற்று தேங்காமல் வழித்துக்கொண்டு போவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டையின் மேல் ரெக்கார்டு நோட்டையும் துணியையும் விரித்து வைக்கும் பழக்கம் பல லேப்களில் உண்டு. அடியில் இருக்கும் வழியை நாமே அடைத்துவிடுகிறோம்.

இந்த உள்நோக்கிய ஓட்டத்தின் வேகத்தை முகப்பு வேகம் என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டனில் பள்ளி ஹுட்களுக்குப் பின்பற்றப்படும் அளவு, கண்ணாடி அதிகபட்சமாக 40 செ.மீ. திறந்திருக்கும்போது வினாடிக்கு குறைந்தது 0.3 மீட்டர். அமெரிக்க ஆய்வகங்களில் 0.4 முதல் 0.6 வரை எதிர்பார்ப்பார்கள். கல்லூரி லேபுக்கு 0.4-ஐ ஒட்டி இருந்தால் திருப்தியாக வேலை செய்யலாம்.

இப்போது ஒரு கணக்கு. 1.2 மீட்டர் அகலமுள்ள ஹுட், கண்ணாடி 0.4 மீட்டர் திறந்திருக்கிறது. திறப்பின் பரப்பு 0.48 சதுர மீட்டர். முகப்பு வேகம் 0.4 என்றால் வினாடிக்கு 0.19 கன மீட்டர் காற்று உள்ளே போகிறது. புளோயர் இழுக்கும் மொத்தக் காற்று ஏறக்குறைய அவ்வளவுதான், அது மாறாது. யாரோ பெரிய ரவுண்டு பாட்டம் பிளாஸ்க்கை வைப்பதற்காகக் கண்ணாடியை 80 செ.மீ. வரை தூக்கிவிட்டு அப்படியே விட்டுவிட்டார் என்று வையுங்கள். அதே காற்று இப்போது இரண்டு மடங்கு பரப்பில் பரவியாக வேண்டும். முகப்பு வேகம் 0.2 ஆகிவிடும். அறையில் சாதாரணமாக ஒருவர் நடந்து போனாலே அவர் உண்டாக்கும் காற்றசைவு அதைத் தோற்கடித்துவிடும். மனிதர் நடக்கும் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கண்ணாடியை இன்னும் இறக்கி, வேகத்தை ஏற்றிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். அதற்கும் எல்லை உண்டு. ஓடும் ஆற்றில் பாறை நின்றால் பாறையின் மறுபக்கத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு நிற்கும் இல்லையா, ஹுட்டின் முன் நிற்கும் ஆளும் அந்தப் பாறைதான். காற்று அவருடைய முதுகுப் பக்கமிருந்து வந்து, உடலைச் சுற்றிக்கொண்டு ஹுட்டுக்குள் போகிறது. அவருடைய மார்புக்கும் திறப்புக்கும் நடுவில் ஒரு சுழல் உண்டாகிறது. வேகம் 0.6-ஐத் தாண்டிப் போகப் போக அந்தச் சுழலும் கண்ணாடியின் அடி விளிம்பில் உண்டாகும் சுழலும் வலுக்கும். உள்ளே விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கும் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி மூக்குப் பக்கம் கொண்டுவரும். பொடியை எடை போட்டால் பறக்கும், பர்னர் தீ ஆடும். அதனால்தான் நல்ல ஹுட்களில் பைபாஸ் வைக்கிறார்கள். கண்ணாடி இறங்கும்போது மேல்பக்கத்தில் ஒரு கம்பிவலைத் திறப்பு வெளிப்பட்டு, மிச்சக் காற்று அந்த வழியாக உள்ளே போய்விடும், கீழே வேகம் எகிறாது. அந்தக் கம்பிவலையின் மேல் அட்டைப்பெட்டியோ சார்ட்டோ சாய்த்து வைத்திருந்தால் பைபாஸ் இருந்தும் பயனில்லை.

அதே சுழலில் இருந்துதான் இன்னொரு விதியும் பிறக்கிறது: வாயு வரும் பாத்திரம் கண்ணாடிக்குக் குறைந்தது 15 செ.மீ. உள்ளே இருக்க வேண்டும். முன்விளிம்பிலிருந்து முதல் 15 செ.மீ. வரை காற்று இன்னும் அடங்காமல் புரண்டுகொண்டிருக்கும் பகுதி. மேடையில் அந்த இடத்தில் ஒரு கலர் டேப் ஒட்டிவிடுங்கள். நான் பார்த்த லேப்களில் வேறு எந்த அறிவிப்புப் பலகையையும்விட அந்த டேப் அதிக வேலை செய்திருக்கிறது.

உயரத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மேடை தரையிலிருந்து 90 செ.மீ., கண்ணாடி 40 செ.மீ. திறப்பு என்றால் அதன் அடி விளிம்பு 130 செ.மீ. உயரத்தில் நிற்கும். நின்று வேலை செய்யும் பெரியவரின் முகம் அதற்கு மேலே, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். ஏதாவது தெறித்தாலும் கண்ணாடி வாங்கிக்கொள்ளும். அவரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் மூக்கு ஏறக்குறைய அந்த விளிம்பு மட்டத்துக்கு இறங்கிவிடும். உயரம் குறைவான பள்ளி மாணவர் நின்றாலும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். அவர்களுக்கு 40 சரிப்படாது, 30-க்கு இறக்கச் சொல்லுங்கள். உங்கள் லேபில் ஹுட்டின் முன் ஸ்டூல் கிடந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

சரி, உங்கள் செம்பு, நைட்ரிக் அமிலத்துக்கு வருவோம். 1 கிராம் செம்பு முழுவதும் அடர் நைட்ரிக் அமிலத்தில் கரைந்தால் முக்கால் லிட்டர் அளவு நைட்ரஜன் டைஆக்சைடு வருகிறது. ஒரு மோல் செம்புக்கு இரண்டு மோல் NO2 என்று சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள், கிடைக்கும். 9 மீட்டருக்கு 7 மீட்டர், 3 மீட்டர் உயரமுள்ள லேபின் கொள்ளளவு 189 கன மீட்டர். அந்த முக்கால் லிட்டர் முழுவதும் அறையில் சீராகப் பரவினாலே 4 பிபிஎம் வரும். பிரிட்டனில் குறுகிய நேரத்துக்கு அனுமதிக்கும் அளவு 1 பிபிஎம். ஆனால் வாயு ஒருபோதும் உடனே சீராகப் பரவுவதில்லை. முன்னால் நிற்பவரின் மூக்கருகில்தான் முதலில் அடர்த்தியாக இருக்கும். இந்த வாயு நுரையீரலைப் பாதிப்பது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லேபில் லேசாக இருமிவிட்டு வீட்டுக்குப் போனவருக்கு இரவில் மூச்சு வாங்கலாம். நல்ல அளவுக்குச் சுவாசித்துவிட்டார் என்று தெரிந்தால், அப்போது தெம்பாக இருந்தாலும் மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும்.

ஒரு வகுப்பில் பதினைந்து பேரும் தனித்தனியாக 1 கிராம் போடுகிறார்கள் என்றால் ஹுட்டைச் சரிசெய்வதற்கு முன்னால் அளவைச் சரிசெய்வதுதான் புத்திசாலித்தனம். நிறமும் வாயுவும் தெரிவதற்கு ஒரு சிறு துண்டுக் கம்பியும் சில துளி அமிலமும் போதும்.

இனி, காற்று இழுக்கிறதா என்று பார்ப்பது. இதை மூன்று படியாகச் செய்யலாம். முதல் படியை ஒவ்வொரு நாளும் செய்யலாம். இரண்டாவது மாதத்துக்கு ஒருமுறை இருந்தால் போதும். மூன்றாவதற்கு மட்டும் கருவி வேண்டும்.

முதல் படி, கண்ணாடியின் அடி விளிம்பில் ஒரு விரல் அகல டிஷ்யூ காகிதப் பட்டையை ஒட்டித் தொங்கவிடுவது. ஹுட் ஓடினால் அது உள்பக்கமாகச் சாய்ந்து நிற்க வேண்டும். தொங்கிக்கொண்டு இருந்தாலோ, உள்ளும் வெளியும் மாறி மாறி ஆடினாலோ அன்றைக்கு அந்த ஹுட்டில் வேலை வேண்டாம். இது ஒரு இடத்தில் திசையை மட்டும் காட்டும். வேகம் போதுமா, திறப்பு முழுவதும் சீராக இருக்கிறதா என்பதை இந்தக் காகிதம் சொல்லாது. பட்டை நீளமாகிவிட்டால் அதையே டக்ட் இழுத்துக்கொண்டு போய்விடும். விரல் நீளம் போதும்.

இரண்டாவது, புகை. புகை விடும் குழாய் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு ஊதுபத்தி போதும். உள்ளே ஈதர், அசிட்டோன் மாதிரி தீப்பிடிக்கும் எதுவும் இருக்கக் கூடாது, பக்கத்து மேசையிலும் கூடாது. கண்ணாடியை 40 செ.மீ.யில் வைத்து, திறப்பின் நான்கு ஓரங்களிலும் புகையை மெதுவாக நகர்த்திக்கொண்டே போங்கள். புகை எல்லா இடத்திலும் சட்டென்று உள்ளே சரிய வேண்டும். பிறகு மேடை மட்டத்தில், 15 செ.மீ. உள்ளே ஊதுபத்தியைப் படுத்தாற்போலப் பிடியுங்கள். புகை பின்பலகையை நோக்கி ஓட வேண்டும். மூலையில் நின்று சுற்றினால் அங்கே காற்று செத்துக்கிடக்கிறது என்று பொருள். ஊதுபத்திப் புகை சூடானது, தானாகவே மேலே எழும். அதனால் மேடை மட்டத்தை நம்பகமாகப் பார்க்க வேண்டுமென்றால் வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் இரண்டு துண்டு உலர்பனி போடுங்கள். கையுறை அவசியம். அந்த வெண்புகை கனமானது, தரையோடு ஒட்டி வழியும். திறப்பை நோக்கி வழிந்து முன் பட்டையைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தால் உங்கள் நைட்ரஜன் டைஆக்சைடும் அதே வழியில்தான் வந்துகொண்டிருக்கிறது.

புகைச் சோதனையை ஆளில்லாத ஹுட்டில் செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒருவரை வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்க வைத்து, கையை உள்ளே விட்டு எடுக்கச் சொல்லி, இன்னொருவரைப் பின்னால் வேகமாக நடக்கச் சொல்லிப் பாருங்கள். மின்விசிறியைப் போட்டு ஒருமுறை, நிறுத்தி ஒருமுறை. ஏசியின் காற்று நேராக ஹுட் முகத்தில் அடித்தால் அதையும் போட்டுப் பாருங்கள். ஆளில்லாதபோது அழகாக இழுத்த ஹுட், இந்தக் கட்டத்தில் புகையை வெளியே தள்ளுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஆஷ்ரே 110 என்ற அமெரிக்கச் சோதனை முறையிலும் இதே காரணத்துக்காகத்தான் ஹுட்டின் முன் ஒரு பொம்மை மனிதரை நிறுத்துகிறார்கள். உள்ளே நிமிடத்துக்கு 4 லிட்டர் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடை விட்டு, பொம்மையின் மூக்கருகில் எவ்வளவு வந்து சேருகிறது என்று அளப்பார்கள். கல்லூரியில் அதைச் செய்ய முடியாது, தேவையும் இல்லை.

மூன்றாவது, முகப்பு வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர். திறப்பை அகலத்தில் மூன்றாகவும் உயரத்தில் மூன்றாகவும் பிரித்தால் ஒன்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் கருவியைக் கண்ணாடியின் தளத்திலேயே பிடித்து, எண் அடங்கும் வரை பத்துப் பதினைந்து வினாடி பொறுத்துச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நின்று கையை நீட்ட வேண்டும். முன்னால் நின்றால் உங்கள் உடம்பே காற்றை மறைத்துவிடும்.

எண்கள் வந்த பிறகு பலர் சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. உங்கள் ஹுட்டில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 0.47, 0.44, 0.41. நடு வரிசையில் 0.45, 0.42, 0.36. கீழ் வரிசையில் 0.40, 0.24, 0.33. சராசரி 0.39. தாளில் பார்த்தால் பாஸ். ஆனால் எந்தக் கட்டமும் சராசரியிலிருந்து 30 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. அதாவது 0.27-க்குக் கீழே போகக் கூடாது. கீழ் வரிசை நடுக்கட்டம் 0.24, அது தேறவில்லை. அதுதான் நீங்கள் பீக்கரை வைத்து அமிலம் ஊற்றும் இடம் என்பதைக் கவனியுங்கள்.

மேல் வரிசை நன்றாக இருந்து கீழே மட்டும் குறைந்தால், புளோயரில் கோளாறு இல்லை. பின்பலகையின் அடி இடுக்கை ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே பாருங்கள், அந்த இடத்துக்கு நேர் பின்னால் ஒரு வாட்டர்பாத்தோ, அமிலப் பாட்டில்களின் வரிசையோ இருக்கும். அவற்றை வெளியே எடுத்துவிட்டு மறுபடி அளந்தால் கீழ் வரிசை 0.38, 0.36, 0.37 என்று மேலே வரும். மேல் வரிசை கொஞ்சம் இறங்கி 0.43, 0.42, 0.40 ஆகலாம். நடு வரிசையும் 0.42, 0.41, 0.38 என்று சமமாகும். சராசரி 0.39-லிருந்து 0.40 ஆகியிருக்கும், அவ்வளவுதான், பெரிதாக எதுவும் மாறியதாகத் தெரியாது. மொத்தக் காற்று அதேதான், அது பரவிய விதம்தான் மாறியிருக்கிறது. நெடி நின்றுவிடும்.

வாட்டர்பாத் உள்ளேயே இருந்தாக வேண்டும் என்றால், நான்கு கட்டைகளின் மேல் 5 செ.மீ. தூக்கி வையுங்கள். காற்று அதன் அடியில் போய் இடுக்கை எட்டிவிடும். பின்பலகையோடு ஒட்டாமல் ஒரு சாண் முன்னால் தள்ளியும் இருக்கட்டும்.

ஒன்பது கட்டமும் ஒருசேரக் குறைந்திருந்தால்தான் சந்தேகம் டக்ட் பக்கம் போக வேண்டும். பெல்ட் தளர்ந்து வழுக்கலாம், டேம்பரை யாராவது பாதி மூடியிருக்கலாம், மொட்டைமாடிக் குழாயில் பறவை கூடு கட்டியிருக்கலாம், அமில ஆவி அரித்து டக்டில் ஓட்டை விழுந்திருக்கலாம். எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துவிட்டுப் போன மறுநாளே இழுவை குறைந்திருந்தால் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பேஸ் மோட்டாரில் இரண்டு வயர் இடம் மாறிவிட்டால் அது தலைகீழாகச் சுற்றும். சென்ட்ரிஃப்யூகல் புளோயர் தலைகீழாகச் சுற்றினாலும் காற்றை அதே திசையில்தான் தள்ளும், ஆனால் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். சத்தம் வழக்கம் போலவே கேட்கும், டிஷ்யூவும் உள்ளே சாயும். எல்லாம் சரி என்றே தோன்றும். ஹவுசிங்கின் மேல் வரைந்திருக்கும் அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பிடிபடும்.

இன்னொரு காரணம் ஹுட்டுக்கு வெளியே இருக்கிறது. வினாடிக்கு 0.19 கன மீட்டர் என்றால் மணிக்குக் கிட்டத்தட்ட 690 கன மீட்டர். மேலே சொன்ன லேபின் மொத்தக் காற்றையும் மணிக்கு மூன்று தடவைக்கு மேல் அந்த ஒரே ஹுட் வெளியேற்றுகிறது. அவ்வளவு காற்றும் எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். ஏசி போட்டுவிட்டு ஜன்னல், கதவு எல்லாவற்றையும் இறுக மூடினால் புளோயர் இழுக்கக் காற்று இல்லாமல் திணறும். சோதிப்பது சுலபம். ஹுட் ஓடும்போது அறைக் கதவைத் திறந்து பாருங்கள். கதவு உள்ளே இழுப்பதுபோல் கனமாக இருந்தால், அல்லது கதவைத் திறந்த உடனே டிஷ்யூ இன்னும் நன்றாகச் சாய்ந்தால், வெளிக்காற்று வரும் வழி போதவில்லை. இரண்டு ஹுட் இருக்கும் லேபில் இது இன்னும் மோசம். ஒன்றைப் போட்டு மற்றதை நிறுத்தினால், நிறுத்திய ஹுட்டின் டக்ட் வழியாகவே காற்று அறைக்குள் இறங்கி வரும், கூடவே அதில் படிந்திருக்கும் நெடியும். காற்றுக்காக ஜன்னலைத் திறக்கும்போது ஹுட்டுக்கு எதிரே உள்ளதைத் திறக்காமல், தள்ளி இருப்பதைத் திறங்கள்.

தவறான பழக்கங்களில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், ஹுட்டை அலமாரியாக ஆக்குவதற்கு என்பேன். நெடி அடிக்கும் பாட்டில்களை ஹுட்டுக்குள் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். மாலையில் புளோயரை நிறுத்தும்போது அந்தப் பாட்டில்கள் அங்கேயேதான் இருக்கின்றன. இரவு முழுவதும் அமில ஆவி கசிந்து அறைக்குள் இறங்கும். பக்கத்தில் அமோனியா பாட்டிலும் இருந்தால் எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பொடி படியும், லேபிள் படிக்க முடியாமல் போகும். ஏதாவது தீப்பிடித்தாலோ தெறித்தாலோ அத்தனை பாட்டிலும் அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அன்றைய சோதனைக்கு வேண்டியது மட்டும் உள்ளே இருக்கட்டும்.

இரண்டாவது, கழிவுக் கரைப்பானைத் திறந்த பீக்கரில் ஹுட்டுக்குள் வைத்து ஆவியாக்கி 'முடித்துவிடுவது'. அது எங்கும் போய்விடவில்லை, மொட்டைமாடியில் வெளியேறிக் கட்டிடத்தின் வேறொரு ஜன்னலில் நுழையக்கூடும். கழிவுக்கு மூடியுள்ள கேன் வேறு, ஹுட் வேறு.

மூன்றாவது, தலையை உள்ளே நுழைப்பது. தெர்மாமீட்டர் தெரியவில்லை, கீழே விழுந்த ஸ்டாப்பரை எடுக்க வேண்டும் என்று கண்ணாடியைத் தூக்கி எட்டிப் பார்ப்பார்கள். மூக்கு உள்ளே போய்விட்டால் ஹுட் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். கையை வெளியே எடுப்பதும் மெதுவாக இருக்கட்டும். சட்டென்று இழுத்தால் கையோடு உள்ளேயிருக்கும் காற்றும் வந்துவிடும்.

பெர்குளோரிக் அமிலத்தைச் சூடாக்கும் வேலை மட்டும் சாதாரண ஹுட்டில் கூடவே கூடாது. ஆவி டக்டில் படிந்து பெர்குளோரேட் உப்பாக மாறும். பிறகு ஒருநாள் டக்டைக் கழற்றுபவர் தட்டினாலே வெடிக்கக்கூடும். அதற்கென்று டக்டைத் தண்ணீரால் கழுவும் வசதியுள்ள தனி ஹுட் இருக்கிறது. ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் கண்ணாடியையே அரித்து மங்கலாக்கும், அந்த வேலைக்கும் வேறு ஏற்பாடு வேண்டும். கண்ணாடி தானாகச் சரிந்து இறங்குகிறது என்று நடுவில் கட்டை வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறீர்களா? உள்ளே எதிர் எடையைத் தாங்கும் கம்பி நைந்திருக்கலாம். அது அறுந்தால் கண்ணாடி கை மேல் விழும், கம்பியை மாற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஹுட்டுக்கு மாடிக்குப் போகும் டக்டே இல்லாமல், மேலே கார்பன் ஃபில்டர் வைத்து காற்றை அறைக்கே திருப்பிவிடும் வகையாக இருந்தால் மேலே சொன்ன காற்றோட்டச் சோதனை எல்லாம் தேறினாலும் போதாது. காற்று நன்றாக இழுக்கும், புகை உள்ளே போகும், ஆனால் ஃபில்டர் நிரம்பிவிட்டால் வாயு அப்படியே மேல் வழியாக வெளியே வரும். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் போன்றவற்றைக் கார்பன் பிடித்து வைப்பதே இல்லை. எந்த ஃபில்டர் எந்த வாயுவுக்கு என்று தயாரிப்பாளர் தரும் பட்டியலில் நைட்ரஜன் டைஆக்சைடு இருக்கிறதா என்று பாருங்கள். என்ன சோதனை, எவ்வளவு நேரம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஃபில்டர் மாற்றிய தேதியையும் அதிலேயே குறியுங்கள். நெடி தெரிந்த பிறகு மாற்றினால் தாமதம். சில வாயுக்களில் நெடியே தெரியாது.